நாரி நோவுக்கு எம்ஆர்ஐ எடுக்கத்தான் வேண்டுமா?

"ஐயா, எனக்கு வயது 41. வெல்லாவெளிப் பக்கம் வயல் செய்கிறேன். ஐந்து கிழமைக்கு முன் சிறுபோக நெல் மூடை ஏற்றும்போது நாரியில் சுள்ளென்று பிடித்தது. நோ இப்போது நாரியிலும் வலது குண்டியிலும் தொடையின் பின்பக்கமும் இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே வரவில்லை. ஆஸ்பத்திரி ஓபிடியில் டொக்டர் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குளிசை தந்தார். படம் ஒன்றும் வேண்டாம் என்றார். மனம் கேட்காமல் வெளியே காசு கட்டி எக்ஸ்ரே எடுத்தேன். 'லம்பார் ஸ்பொண்டிலோசிஸ், எல்4–எல்5 இடைவெளி குறைவு' என்று எழுதியிருக்கிறார்கள். எலும்பு தேய்ந்துவிட்டது, இனிப் பாரம் தூக்கினால் கால் விழுந்துவிடும் என்று ஊரில் சொல்கிறார்கள். பெல்ட் கட்டிக்கொண்டு பெரும்பாலும் படுத்தே இருக்கிறேன். கட்டாரில் இருக்கும் தம்பி எம்ஆர்ஐ எடுக்கக் காசு அனுப்புகிறேன் என்கிறான். எடுக்கவா? பெரும்போக விதைப்புக்கு இன்னும் ஆறு கிழமை இருக்கிறது. வயலில் இறங்கலாமா?"

தம்பி, இப்போதைக்கு எம்ஆர்ஐ வேண்டாம். வயலில் இறங்கலாம். ஆனால் நான் உங்களை நேரில் பார்க்கவில்லை. நீங்கள் எழுதாமல் விட்ட சில விஷயங்களும் இருக்கின்றன. அவற்றுக்கான பதில் நான் நினைப்பதுபோல் இருந்தால்தான் இந்த இரண்டு வசனமும் செல்லும். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் சலம், மலம். சலம் வரவேண்டிய நேரத்தில் வராமல் அடைத்து நிற்கிறதா, அல்லது தெரியாமலே போய்விடுகிறதா? சைக்கிள் சீட்டில் இருக்கும்போது சீட் படுகிற இடம் இருக்கிறதே, கால்களுக்கு நடுவில், அங்கே தொட்டால் விறைத்துப்போய் இருக்கிறதா? இரண்டு கால்களும் ஒரேயடியாகப் பலம் குறைகிறதா? இதில் ஒன்றுக்கு 'ஓம்' என்றால் இந்தப் பதிலை மேலே படிக்க வேண்டாம். அன்றைக்கே, இரவானாலும், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். முள்ளந்தண்டின் அடியில் இருக்கிற நரம்புக் கட்டு முழுவதும் நெரிபடும்போதுதான் அப்படி நடக்கும். அதற்கு எம்ஆர்ஐ அன்றே தேவை. விடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தால் சலம் போகிற கட்டுப்பாடு திரும்பி வராமலே போகலாம்.

அடுத்தது காய்ச்சல், இரவில் வியர்த்துக் கொட்டுவது, காரணமில்லாமல் மெலிவது, முன்பு எப்போதாவது புற்றுநோய்க்கு வைத்தியம் செய்தது. காசநோய் நெஞ்சோடு நிற்பதில்லை, முள்ளந்தண்டிலும் வந்து இருக்கும். நம் நாட்டில் அதைக் கேட்காமல் விடக் கூடாது. மரத்திலிருந்தோ மெசினிலிருந்தோ விழுந்தீர்களா, இழுப்புக்கோ வேறு வருத்தத்துக்கோ ஸ்டீரொய்ட் குளிசை நீண்ட காலம் குடித்தீர்களா என்பதையும் நினைத்துப் பாருங்கள். அப்படியானவர்களுக்கு எலும்பில் வெடிப்பு இருக்கலாம், அவர்களுக்கு எக்ஸ்ரே நியாயமானது. இவற்றில் ஏதாவது இருந்தால் எழுதிக்கொண்டுபோய் டொக்டரிடம் சொல்லுங்கள்.

ஒன்றும் இல்லை என்றால், ஓபிடியில் அந்த டொக்டர் செய்ததைச் சரியாகவே செய்திருக்கிறார். காலைத் தூக்கிப் பார்ப்பதைச் சனங்கள் பெரிதாக எடுப்பதில்லை, மெசின் வைத்துப் பார்த்தால்தான் பார்த்தது என்று நினைக்கிறார்கள். முழங்காலை நீட்டியபடி காலை மெல்ல உயர்த்தும்போது நாரியிலிருந்து பாதம் வரை ஓடுகிற நரம்பு இழுபடும். முள்ளெலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல் இருக்கிற டிஸ்க் ஒன்று அதன் வேரை நெரித்துக்கொண்டிருந்தால், கால் பாதி உயரம் போவதற்குள் முழங்காலுக்குக் கீழே கரண்ட் அடித்ததுபோல் நோ பாயும். தொடையின் பின்பக்கம் மட்டும் இழுத்துப் பிடித்தால் அது பெரும்பாலும் தசையின் இறுக்கம்.

வீட்டில் இன்னும் இரண்டு செய்து பாருங்கள். முற்றத்தில் பத்தடி தூரம் குதிக்காலில் மட்டும் நடவுங்கள், பிறகு விரல் நுனியில் நடவுங்கள். குதிக்காலில் நிற்கும்போது ஒரு பாதம் தொங்கிப்போகிறதா, விரல் நுனியில் நிற்கும்போது ஒரு கால் மட்டும் எழும்ப மறுக்கிறதா என்று மனைவியைப் பார்க்கச் சொல்லுங்கள். முதலாவது நாரியின் கடைசி நரம்புகளையும் இரண்டாவது அதற்குக் கீழே வருகிற நரம்பையும் சோதிக்கிறது. இரண்டும் சரியாக வந்தால், கால் விழுந்துவிடும் என்று ஊரில் சொல்வதற்கு உங்கள் உடம்பில் ஆதாரம் இல்லை.

இப்படிச் சோதித்து, பயப்படும்படியான ஒன்றும் இல்லாதபோது நாங்கள் சொல்வது 'குறித்த காரணம் சொல்ல முடியாத நாரி நோ'. நாரி நோவோடு வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இந்தக் கூட்டம்தான். இந்தப் பெயரைக் கேட்டுப் பலர் கோபிக்கிறார்கள், நோ பொய் என்று சொல்வதாக நினைக்கிறார்கள். நோ உண்மை. தசையா, நாரா, டிஸ்க்கா, முள்ளின் சின்ன மூட்டா என்று விரல் வைத்துக் காட்ட எந்தப் படத்தாலும் ஏலாது என்பதுதான் பொருள். எதுவாக இருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றே என்பதால், அதைத் தெரிந்துகொள்ளாததால் உங்களுக்கு நட்டமும் இல்லை.

இப்போது அந்த எக்ஸ்ரே. 'ஸ்பொண்டிலோசிஸ்' என்பது வயதோடு முள்ளந்தண்டில் வருகிற மாற்றத்துக்கு இட்ட பெயர். டிஸ்க் கொஞ்சம் நீர் வற்றி உயரம் குறைகிறது, எலும்பின் ஓரம் கொஞ்சம் தடிக்கிறது. 'எல்4–எல்5 இடைவெளி குறைவு' என்பது நாரியின் நாலாம், ஐந்தாம் எலும்புக்கு நடுவில் அந்த உயரம் குறைந்திருக்கிறது என்பதுதான். நரை விழுவதைப்போலத்தான், ஆனால் கண்ணாடியில் தெரியாததால் பயமாக இருக்கிறது. நாரி நோவே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை உள்ளடக்கிய 33 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2015 இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. ஒரு நோவும் இல்லாத நாற்பது வயதுக்காரர்களில் 68 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுங்கியும் இருந்தது. உங்கள் ஊரில் உங்கள் வயதில் மூடை தூக்கிக்கொண்டு திரிகிற பத்துப் பேரைப் பிடித்துப் படம் எடுத்தால், ஆறேழு பேருக்கு உங்கள் ரிப்போர்ட்டில் உள்ளதுபோல் ஏதாவது எழுதி வரும்.

வாழைச்சேனையிலிருந்து ஒரு கடற்றொழிலாளி என்னிடம் வந்தார். எம்ஆர்ஐ படத்தை உறையோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு வந்தார். மனைவியின் சங்கிலியை ஈடு வைத்து எடுத்த படம். அதில் கடைசி டிஸ்க் இடது பக்கம் பிதுங்கியிருப்பதாக எழுதியிருந்தது. எங்கே நோகிறது என்று கேட்டேன். வலது பக்கம் கையை வைத்தார். இடது பக்கத்தை நான் அழுத்தினேன், காலைத் தூக்கினேன், அங்கே ஒன்றுமே இல்லை. அவர் நான்கு மாதமாகக் கடலுக்குப் போகவில்லை. அவரைக் கரையில் இருத்தி வைத்தது, நோ இல்லாத பக்கத்தில் இருந்த ஒரு பிதுக்கம்.

எம்ஆர்ஐ எடுத்தால் கெடுதல் என்ன, தெரிந்து வைத்திருப்பது நல்லதுதானே என்று உங்கள் தம்பி கேட்பார். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் முள்ளந்தண்டு மருத்துவர்கள் இதையே சோதித்து 2021 இல் வெளியிட்டார்கள். நாரி நோ உள்ளவர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு ரிப்போர்ட்டில் இருந்த தேய்மானம், பிதுக்கம் எல்லாவற்றையும் அப்படியே விளக்கினார்கள். மற்றக் கூட்டத்துக்கு, வயதோடு வருகிற சாதாரண மாற்றம்தான், பயப்பட ஒன்றும் இல்லை என்றார்கள். வைத்தியம் ஒன்றுதான். ஆறு கிழமைக்குப் பிறகு பார்த்தால், ரிப்போர்ட்டைச் சொல்லுக்குச் சொல் கேட்ட கூட்டம் தங்கள் முதுகைப் பற்றிக் கூடுதலாகப் பயந்திருந்தது, வேலை செய்கிற திறனிலும் பின்தங்கியிருந்தது.

இதில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் என் மேசையில் ஒரு பிளாஸ்டிக் முள்ளந்தண்டு வைத்திருந்தேன். அதில் டிஸ்க் சிவப்பு நிறத்தில் வெளியே தள்ளி நிற்கும். வருகிற எல்லாருக்கும் அதைத் திருப்பித் திருப்பிக் காட்டி விளக்கினேன். அடுத்த தரம் வரும்போது அவர்கள் குனியவே பயந்தார்கள். அதை இப்போது அலுமாரிக்குள் வைத்துவிட்டேன்.

அதனால்தான் பிரித்தானியாவின் நைஸ் அமைப்பு 2016 இல் வெளியிட்ட வழிகாட்டி, நாரி நோவுக்கு வழக்கமாகப் படம் எடுக்க வேண்டாம், படத்தின் முடிவு வைத்தியத்தை மாற்றுமென்றால் மட்டும் எடுங்கள் என்கிறது. உங்கள் விஷயத்தில் பாருங்கள். எம்ஆர்ஐயில் ஒன்றும் இல்லை என்று வந்தால் நடை, பயிற்சி. தேய்மானம் என்று வந்தால் நடை, பயிற்சி. முழங்காலுக்குக் கீழே நோவும் இல்லை, பலக்குறைவும் இல்லை என்னும்போது டிஸ்க் பிதுக்கம் என்று வந்தாலும் நடை, பயிற்சிதான். தம்பியின் காசு போய்ச் சேரும் இடம் மட்டும் மாறும்.

சரி, இனி அந்தப் படுக்கை. நாரி பிடித்த முதல் ஒன்றிரண்டு நாள் படுத்ததில் பிழையில்லை. ஐந்தாவது கிழமையில் நோவைப் பிடித்து வைத்திருப்பதே அந்தப் படுக்கைதான் என்று சந்தேகிக்கிறேன். படுத்திருக்கப் படுத்திருக்கத் தசை பலமிழக்கிறது, பிறகு எழும்பிச் சின்ன வேலை செய்தாலும் நோகிறது, நோகிறதே என்று இன்னும் படுக்கிறீர்கள். பயத்தில் முதுகை மரக்கட்டைபோல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பதும் நோவைக் கூட்டும்.

ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். கதிரையில் இருந்தபடி குனிந்து, கீழே கிடக்கிற செருப்பை எடுங்கள். 'நின்றபடி குனியவே ஏலாது' என்று என்னிடம் வந்தவர்களில் பலர் இதைச் செய்துவிடுகிறார்கள். கதிரையில் இருந்து தரையைத் தொடும்போது நாரி வளைகிற அளவு, நின்று குனியும்போது வளைவதற்குக் குறைந்ததல்ல. அப்படியென்றால் உங்கள் முள்ளால் வளைய முடிகிறது. நின்று குனிகையில் தடுப்பது பெரும்பாலும் உடம்பின் எச்சரிக்கை. அந்த எச்சரிக்கை இப்போது தேவைக்கு மேல் கூச்சலிடுகிறது. நோ கூடுகிறதென்றால் உள்ளே ஏதோ கிழிகிறது என்று பொருளில்லை. இந்த ஒன்றை விளங்கிக்கொண்டால் கீழே சொல்லப்போகும் பயிற்சியைச் செய்வீர்கள். இல்லாவிட்டால் மூன்றாம் நாள் விட்டுவிடுவீர்கள்.

விதைப்புக்கு இருக்கிற ஆறு கிழமையை இப்படிப் பாவியுங்கள். முதல் கிழமை காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் சமதரையில் நடவுங்கள். வரம்பில் வேண்டாம், றோட்டில் நடவுங்கள். கையை வீசி நடவுங்கள், முதுகைப் பிடிக்க வேண்டாம். கிழமைக்குக் கிழமை ஒவ்வொரு நடையிலும் ஐந்து நிமிடம் கூட்டி, அரை மணி நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் நாளுக்கு ஒரு தரம், கிழமைக்கு ஐந்து நாள் போதும். அவுஸ்திரேலியாவில் நாரி நோவிலிருந்து சுகமான 701 பேரை வைத்துச் செய்து 2024 இல் வெளிவந்த ஆய்வில், இந்த அளவை நோக்கி மெல்ல மெல்ல நடையைக் கூட்டி, நோவைப் பற்றிய விளக்கமும் பெற்றவர்களுக்கு நோ திரும்பி வர எடுத்த காலம் நடுவளவில் 208 நாள். ஒன்றும் செய்யாதவர்களுக்கு 112 நாள். காசு இல்லாத வைத்தியத்துக்கு இது பெரிய வித்தியாசம். நோ திரும்பி வரவே வராது என்று நான் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். நாரி நோ தடிமனைப்போல, வந்து போகிற ஒன்று. திரும்பி வந்தால் முதுகு கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம்.

நடையோடு, ஒன்றுவிட்ட ஒரு நாள் மூன்று பயிற்சி. பாயில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, குண்டியை உயர்த்தி ஐந்து எண்ணும்வரை பிடித்து இறக்குங்கள், பத்துத் தரம். கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழும்பி இருங்கள், பத்துத் தரம். மூன்றாவதுதான் உங்கள் தொழிலுக்கு முக்கியமானது. ஒரு வாளியில் ஐந்து லீற்றர் தண்ணீர் ஊற்றுங்கள். அது ஐந்து கிலோ. வாளியை உடம்புக்குக் கிட்ட வைத்து, இடுப்பையும் முழங்காலையும் மடித்துத் தூக்குங்கள், மூச்சைப் பிடிக்காமல், எட்டுத் தரம். கொஞ்சம் ஓய்ந்து இன்னும் எட்டுத் தரம். மூன்று தரம் செய்து லேசாக வந்தால் அடுத்த நாளிலிருந்து இரண்டு லீற்றர் கூட்டுங்கள். வாளி நிறைந்தால் அரை மூடை நெல்லுக்குப் போங்கள்.

நோகும். எவ்வளவு நோகலாம் என்பதற்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பத்துக்கு நான்கு வரை நோகலாம், அடுத்த நாள் காலையில் அது பழைய அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் அன்றைய அளவைக் குறையுங்கள், பயிற்சியை நிறுத்த வேண்டாம். அநேகமானவர்கள் பிழைவிடும் இடம் வேறு. நல்லாக இருக்கிற நாளில் ஒரு கிழமை வேலையை ஒரேயடியாகச் செய்துவிட்டு அடுத்த நான்கு நாள் படுப்பார்கள். நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் ஏறக்குறைய ஒரே அளவு செய்யுங்கள்.

பெல்ட்டை இந்தக் கிழமையே கழற்றத் தொடங்குங்கள். முதலில் வீட்டுக்குள், பிறகு நடக்கும்போது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட நாரி நோவுக்கு வெளியிட்ட வழிகாட்டியில் விளக்கம், பயிற்சி இரண்டையும் தரச் சொல்லி, பெல்ட்டையும் நாரியை இழுத்துக் கட்டும் வைத்தியத்தையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. உங்கள் நோ மூன்று மாதத்தைத் தொடவில்லை, பெல்ட்டைப் பழக்கமாக்கி அங்கே கொண்டுபோக வேண்டாம். அம்மா எண்ணெய் பூசிச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்தால் அது நல்லது, சூடு தசையை இளக்கும். அதை நடைக்கு முன் வைத்துக்கொள்ளுங்கள்.

குளிசை எது தந்தார்கள் என்று எழுதவில்லை. டைக்ளோபெனாக் அல்லது இபுபுரூபன் வகை என்றால் சாப்பாட்டுக்குப் பின், குறைந்த அளவில், சில நாளைக்கு மட்டும். வயிற்றுப்புண், பிரஷர், சிறுநீரக வருத்தம் இருந்தால் டொக்டரிடம் சொல்லாமல் குடிக்கக் கூடாது. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நின்று வேலை செய்துகொண்டு இந்தக் குளிசையைக் கிழமைக் கணக்கில் குடிப்பது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். வயல்காரர்களிடம் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

எப்போது எம்ஆர்ஐ வேண்டும்? நோ முழங்காலைத் தாண்டிக் கீழே பாதத்துக்கு இறங்கி, நாரி நோவைவிடக் கால் நோ பெரிதாகி, ஆறு கிழமை முறையாக வைத்தியம் செய்தும் விடாமல் நின்றால், ஊசியோ சத்திரசிகிச்சையோ யோசிக்க வேண்டிய கட்டம் அது. அப்போது படம் வழி காட்டும், விசேட வைத்திய நிபுணரே எழுதித் தருவார். பாதம் தொங்கத் தொடங்கினால் ஆறு கிழமை பார்க்க வேண்டாம், உடனே காட்டுங்கள். அதுவரை இன்னொரு எக்ஸ்ரேயும் எடுக்க வேண்டாம், குறைந்த இடைவெளி திரும்பக் கூடப்போவதில்லை.

மூன்று கிழமை கழித்தும் நடை பதினைந்து நிமிடத்தைத் தாண்டவில்லை என்றால் தனியாகப் போராடாதீர்கள். களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்குப் போய், இயன்மருத்துவரிடம் அனுப்பும்படி டொக்டரிடம் கேளுங்கள். வாளிப் பயிற்சியை அவர் முன்னால் செய்து காட்டுங்கள்.

விதைப்பு நாளில் உரத்தை ஐம்பது கிலோ மூடையாகத் தோளில் ஏற்ற வேண்டாம். வரம்பில் வைத்தே பிரித்து, பதினைந்து பதினைந்து கிலோவாகக் கொண்டுபோங்கள். விதை எறியும்போது பெட்டியை ஒரே பக்கத்தில் அணைக்காமல் ஒவ்வொரு சுற்றுக்கும் கை மாற்றுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் வாடிக்கு வந்து தண்ணீர் குடித்து, நாரியில் கையை வைத்துப் பின்பக்கமாக ஐந்தாறு தரம் வளைந்துவிட்டுத் திரும்ப இறங்குங்கள். முழு மூடையைத் தைப்பொங்கலுக்குப் பிறகு, அறுவடைக்குப் பார்த்துக்கொள்ளலாம். அதற்குள் வாளியில் ஆரம்பித்தது அந்த நிறைக்கு வந்திருக்கும்.